எஸ் வளைவின் ஃபோட்டோவிலிருந்து r, K இரண்டையும் எடுப்பது எப்படி?

என் அண்ணன் மகள் விலங்கியல் படிக்கிறாள். ஒரு நாள் இரவு வாட்ஸ்அப்பில் ஒரு ஃபோட்டோ அனுப்பினாள். ஜெராக்ஸ் எடுத்த பாடப்பக்கத்தை மேஜை விளக்கு வெளிச்சத்தில் சாய்வாகப் பிடித்து எடுத்த படம். கண்ணாடிக் குடுவையில் வளரும் ஈஸ்டின் அளவு மணிக்கு மணி எப்படிக் கூடியது என்று காட்டும் எஸ் வடிவ வரைபடம். கீழே செய்தி: "அத்தை, இதுலேர்ந்து r, K ரெண்டும் கண்டுபிடிக்கணும். r 93, K 662. சரியா?"

K, அதாவது அந்தக் குடுவை தாங்கக்கூடிய அளவு, கிட்டத்தட்ட சரி. r, அதாவது வளர்ச்சி வீதம், முழுத் தவறு. ஆனால் அந்த 93 எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது, ஏனென்றால் இந்தத் தவறைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். வளைவு எங்கே மிகச் செங்குத்தாக ஏறுகிறதோ அங்கே ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறியது என்று பார்த்து, அதையே வளர்ச்சி வீதம் என்று எழுதிவிடுவது.

அவள் அனுப்பிய வரைபடம் சூழலியல் படிப்பவர்களுக்குப் பழக்கமானது. கார்ல்சன் என்பவர் 1913-இல் வெளியிட்ட ஈஸ்ட் அளவீடுகள் அவை. பிறகு அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் பேர்ல் எடுத்தாண்டதால் பாடப்புத்தகங்களுக்குள் வந்து நிலைத்துவிட்டன. இதில் ஒரு வசதி இருக்கிறது. மூல எண்கள் அச்சில் கிடைப்பதால், படத்திலிருந்து நாம் படித்தது எவ்வளவு சரி என்று ஒத்துப் பார்க்கலாம். அதனால் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

## வேகம் வேறு, வீதம் வேறு

இரண்டு பேர் வங்கியில் பணம் போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு வருடத்துக்கு 7,000 ரூபாய் வட்டி வருகிறது, இன்னொருவருக்கு 700 ரூபாய். யாருக்கு வட்டி வீதம் அதிகம்? அசல் எவ்வளவு என்று தெரியாமல் சொல்ல முடியாது. முதலாமவர் ஒரு லட்சம் போட்டிருந்தால் அது 7 சதவீதம். இரண்டாமவர் ஐயாயிரம் மட்டும் போட்டிருந்தால் அது 14 சதவீதம்.

ஈஸ்டிலும் இதே கதைதான். இரண்டாம் மணியில் அளவு 29.0. மூன்றாம் மணியில் 47.2. கூடியது 18.2 தான், ஆனால் இருந்ததோடு ஒப்பிட்டால் 63 சதவீதம். ஏழாம் மணியில் 257.3, எட்டாம் மணியில் 350.7. கூடியது 93.4. அண்ணன் மகளின் 93 இதுதான். ஆனால் இருந்ததோடு ஒப்பிட்டால் 36 சதவீதம்தான். பதினைந்தாம் மணியில் 651.1, அடுத்த மணியில் 655.9. கூடியது 4.8, ஒரு சதவீதம்கூட இல்லை.

அதாவது, கண்ணுக்கு வளைவு மெதுவாக ஏறுவதாகத் தெரியும் தொடக்கத்தில்தான் ஒவ்வொரு ஈஸ்ட் செல்லும் அதிவேகமாகப் பெருகுகிறது. வளைவு பாய்ந்து ஏறும் நடுப்பகுதியில் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிட்டது. கூட்டம் பெரிதாகிவிட்டதால் மொத்தம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது.

வளர்ச்சி வீதம், அதாவது r, என்பது நெருக்கடி எதுவும் இல்லாதபோது தலைக்கு இவ்வளவு என்ற பெருக்கம். அதன் அலகு 'ஒரு மணிக்கு' என்பது மட்டும்தான். ஈஸ்டை கிராமில் அளந்தாலும் செல்களாக எண்ணினாலும் r மாறாது. 93 என்ற எண்ணுக்குப் பின்னால் 'இத்தனை அலகு ஈஸ்ட்' என்று ஒட்டிக்கொண்டு வந்தால், அது r ஆக இருக்கவே முடியாது. விடையைச் சரிபார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

## தாங்கு திறன் ஒரு சுவர் இல்லை

தாங்கு திறன், அதாவது K, என்பது அந்த இடம் நீடித்துத் தாங்கக்கூடிய அளவு. இதைப் பலர் ஒரு சுவர் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்: அதுவரை தடையில்லாமல் ஓடிவந்து, அங்கே முட்டி நிற்பது போல. அப்படி இல்லை.

கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு ஆட்கள் உட்காருவதை நினைத்துப் பாருங்கள். காலியாக இருக்கும்போது வந்தவர் வந்த வேகத்தில் உட்காருகிறார். பாதி நிரம்பியதும் இடம் தேட வேண்டியிருக்கிறது. நாலைந்து இலைதான் மிச்சம் என்றால் ஒருவர் உட்காருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. தடை கடைசியில் திடீரென்று வரவில்லை. முதல் ஆள் உட்கார்ந்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டு வந்தது. ஈஸ்டுக்கும் அதேதான். சர்க்கரை தீர்வதும், தானே வெளியிடும் ஆல்கஹால் சேர்வதும் மெல்ல மெல்லக் கழுத்தை நெரிக்கின்றன.

இதை ஒரே வரியில் எழுதியதுதான் லாஜிஸ்டிக் சமன்பாடு. பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் முன்வைத்தது.

```
வளர்ச்சி வேகம் = r × N × (1 − N/K)
```

N என்பது இப்போது இருக்கும் அளவு. அடைப்புக்குள் இருப்பது இன்னும் காலியாக இருக்கும் இடத்தின் பங்கு. N சின்னதாக இருக்கும்போது அந்தப் பங்கு கிட்டத்தட்ட 1. வட்டிக்கு வட்டி போல வளர்ச்சி நடக்கிறது. N, K-ஐ நெருங்கும்போது அந்தப் பங்கு பூஜ்யத்தை நெருங்குகிறது, வளைவு படுத்துவிடுகிறது. இதிலிருந்து வருவதுதான் எஸ் வடிவம்.

இந்தச் சமன்பாட்டில் வேகம் உச்சத்தைத் தொடுவது சரியாகப் பாதியில், N என்பது K-இல் பாதியாக இருக்கும்போது. அங்கே வேகம் r × K ÷ 4. இதை அறிந்தால் அண்ணன் மகளின் 93-ஐக் குப்பையில் போட வேண்டியதில்லை. அது r இல்லை, ஆனால் rK/4. நாலால் பெருக்கி 665-ஆல் வகுத்தால் மணிக்கு 0.56. இந்த 665 எங்கிருந்து வந்தது என்று சீக்கிரமே பார்ப்போம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: செங்குத்தான இடத்தில் தெரிவது வேகம், அதற்குள் r, K இரண்டும் கலந்திருக்கின்றன. r மட்டும் வேண்டுமென்றால் 'இருந்ததோடு ஒப்பிட்டு எவ்வளவு' என்று கேட்க வேண்டும்.

## ஃபோட்டோவை நம்புவதற்கு முன்

கணக்குக்குப் போகும் முன் படத்தைச் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலான தவறுகள் கணக்கில் இல்லை, இங்கேதான்.

முதலில் அச்சுகளைப் படியுங்கள். நிலை அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா? நடுவில் ஒரு வெட்டுக்குறி போட்டு எண்களைத் தாண்டிச் செல்கிறதா? 10, 100, 1000 என்ற எண்கள் சம இடைவெளியில் நிற்கின்றனவா? அப்படி நின்றால் அது மடக்கை அளவுகோல். அதில் எஸ் வளைவு எஸ் மாதிரியே தெரியாது. தொடக்கப் பகுதி நேர்கோடாக ஏறி, பிறகு வளைந்து படுத்துவிடும். அதைச் சாதாரண அச்சு என்று நினைத்துப் படித்தால் எல்லா எண்ணும் பாழ்.

அப்புறம் சாய்வு. படத்தைக் கணினியில் பெயிண்ட் செயலியில் திறந்து, கர்சரை ஒவ்வொரு இடத்திலும் வைத்தால் கீழே பிக்சல் எண்கள் தெரியும். பிக்சல் என்பது படத்தின் மிகச் சிறிய புள்ளி. நமக்கு அதுதான் அளவுகோல். அவள் படத்தில் கிடை அச்சில் 0-இலிருந்து 5 மணி வரை 318 பிக்சல் இருந்தது. 15-இலிருந்து 20 வரை 283. இரண்டும் ஒரே ஐந்து மணி நேரம், சமமாக இருக்க வேண்டும். ஃபோன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்திருக்கிறது.

இந்தச் சாய்வு யாரைக் கெடுக்கும் என்று யோசித்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். நிலை அச்சின் எண்கள் இடது ஓரத்தில் இருக்கின்றன. அளவுகோலை நாம் அங்கேதான் எடுக்கிறோம். ஆனால் K தெரிவது வளைவு படுத்துக்கிடக்கும் வலது ஓரத்தில். அளவெடுக்கும் இடமும் அளக்கும் இடமும் படத்தின் இரு எல்லைகள். அவள் படத்தில் வரைபடச் சட்டத்தின் உயரம் இடதில் 880 பிக்சல், வலதில் 800. அப்படியே படித்திருந்தால் 665 என்பது 605 ஆகத் தெரியும். அவளுக்கு 662 வந்தது, கடைசிப் புள்ளியிலிருந்து தாளில் ஸ்கேல் வைத்து நேராக அச்சு வரை கோடு இழுத்ததால். ஃபோட்டோவை மட்டும் வைத்துக்கொண்டு படித்த எனக்குத்தான் சாய்வைச் சரிசெய்யும் வேலை.

சரிசெய்வது கஷ்டமில்லை. ஃபோனில் ஆவணம் ஸ்கேன் செய்யும் வசதியில் வரைபடச் சட்டத்தின் நான்கு மூலைகளையும் இழுத்து வைத்தால் அது செவ்வகமாக நிமிர்ந்துவிடும். பக்கத்தின் மூலைகளை அல்ல, வரைபடத்தின் மூலைகளை வைக்க வேண்டும். தைத்த புத்தகத்தின் நடுமடிப்பு ஓரம் வளைந்திருந்தால் இந்த நிமிர்த்தல் போதாது. புத்தகத்தை அழுத்திப் பிடித்து மறுபடி எடுப்பதுதான் வழி.

நிமிர்த்திய பிறகு 0 மணி கிடை வாக்கில் 210-ஆம் பிக்சலிலும், 20 மணி 1410-ஆம் பிக்சலிலும் விழுந்தன. ஒரு மணிக்கு 60 பிக்சல். நிலை அச்சில் 0 என்பது 980-ஆம் பிக்சல், 700 என்பது 140-ஆம் பிக்சல். எண் மேலே போகப் போகக் குறைகிறதே என்று குழம்ப வேண்டாம். கணினிப் படங்களில் பிக்சல் மேலிருந்து கீழாக எண்ணப்படும். ஆகவே:

```
அளவு = 700 × (980 − y) / (980 − 140)
```

எட்டாம் மணிப் புள்ளியின் நடு y = 559-இல் இருந்தது. 421 பிக்சல் உயரம், 1.2-ஆல் வகுத்தால் 351. மூல எண் 350.7. ஜெராக்ஸின் ஃபோட்டோவிலிருந்து எடுத்ததற்கு இது போதும் என்பேன். WebPlotDigitizer போன்ற இலவசக் கருவிகள் இதே வேலையைச் செய்து தருகின்றன. ஆனால் ஒருமுறையாவது கையால் செய்தால்தான் எங்கே தப்பு நுழைகிறது என்று புரியும்.

இன்னொன்று: புள்ளிகளைப் படியுங்கள், அவற்றை இணைக்கும் கோட்டை அல்ல. புள்ளி என்பது யாரோ அளந்தது. நடுவில் ஓடும் வழவழப்பான கோடு வரைந்தவரின் கணிப்பு.

## K-ஐ எடுப்பது

கடைசிப் புள்ளியைப் பார்த்து 662 என்று எழுதுவது ஏன் சரியில்லை? ஏனென்றால் அது இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. பதினாலாம் மணியிலிருந்து மணிக்கு எவ்வளவு கூடியது என்று பாருங்கள்: 10.3, பிறகு 4.8, 3.7, 2.2. ஏற்றம் மங்கிக்கொண்டே வருகிறது, ஆனால் நிற்கவில்லை. இன்னும் சில மணி நேரம் அளந்திருந்தால் 1.3, 0.8, 0.5 என்று இன்னும் கொஞ்சம் சேரும் என்று கணிக்கலாம். ஆக 662-க்கு மேல் மூன்று அலகு போல. பேர்ல் பொருத்திய வளைவில் K 665.

இங்கே கடைசிப் புள்ளிக்கும் K-க்கும் வித்தியாசம் சொற்பம். அளவீடு நீண்ட நேரம் ஓடியதால் தப்பித்தோம். வேறு வரைபடங்களில் சமதளத்தைச் சுற்றிப் புள்ளிகள் மேலும் கீழும் ஆடும். அப்போது உயர்ந்த புள்ளியை K என்று எடுக்கக் கூடாது. ஆடும் புள்ளிகளின் நடுவே ஒரு கிடைக்கோடு இழுக்க வேண்டும்.

ஒரு குறுக்குச் சோதனையும் உண்டு. வளைவு மிகச் செங்குத்தாக இருக்கும் இடத்தின் உயரத்தை இரண்டால் பெருக்கினால் K வர வேண்டும். இங்கே அது எட்டாம் மணிக்குச் சற்று முன்னால். எட்டாம் மணி என்றே எடுத்தால் 702 வருகிறது. ஐந்து சதவீதத்துக்கு மேல் தப்பு. செங்குத்தான இடம் எது என்று கண்ணால் துல்லியமாகச் சொல்ல முடியாததுதான் காரணம். K-ஐக் கண்டுபிடிக்க இதை நம்பாதீர்கள். K கன்னாபின்னாவென்று விலகியிருக்கிறதா என்று பார்க்க மட்டும் உதவும்.

## r-ஐ எடுப்பது: நிரம்பியதும் மீதியும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. N-ஐ மட்டும் பார்த்தால் அது வட்டிக்கு வட்டி போலத் தொடங்கி மங்கிவிடுகிறது. ஆனால் நிரம்பிய இடத்துக்கும் மீதி இடத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், அதாவது N-ஐ K−N ஆல் வகுத்தால், அது தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே வட்டி வீதத்தில் வளர்கிறது. லாஜிஸ்டிக் சமன்பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் கூட்டு வட்டி இதுதான். அந்த வட்டியே r.

படத்திலிருந்து நான் படித்த எண்கள்: 4-ஆம் மணி 71, 6-ஆம் மணி 175, 8-ஆம் மணி 351, 10-ஆம் மணி 513, 12-ஆம் மணி 595. K 665.

நாலாம் மணியில் நிரம்பியது 71, மீதி 594, விகிதம் 0.12. ஆறாம் மணியில் 175-க்கு 490, விகிதம் 0.36. எட்டில் 1.12. பத்தில் 3.38. பன்னிரண்டில் 8.5. இரண்டு மணிக்கு ஒருமுறை ஏறக்குறைய மும்மடங்காகிறது என்று பார்த்தவுடனே தெரிகிறது. கடைசி அடி மட்டும் இரண்டரை மடங்கு. ஒரே மாதிரி மடங்காவதை ஒரே மாதிரி கூடுவதாக மாற்றித் தருவது இயல் மடக்கை. கால்குலேட்டரில் ln பொத்தான். ln 3 என்பது 1.10. அது இரண்டு மணி நேரத்துக்கு. ஒரு மணிக்கு 0.55.

எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால், எக்செல்லில் இரண்டாம் வரிசையிலிருந்து A நெடுவரிசையில் மணியையும் B-இல் அளவையும் போட்டுவிட்டு, C2-இல் எழுதும் வாய்பாட்டை C6 வரை கீழே இழுங்கள்:

```
C2:  =LN(B2/(665-B2))
r :  =SLOPE(C2:C6, A2:A6)
```

எனக்கு 0.54 வந்தது. பேர்லின் வளைவில் r 0.5355. இந்த 0.54 சொல்வது என்னவென்றால், நெருக்கடி இல்லாதபோது ஈஸ்ட் இரட்டிக்க ஏறக்குறைய ஒரு மணி பதினேழு நிமிடம் ஆகும் (ln 2 ஐ r-ஆல் வகுத்தது).

கால்குலேட்டர் மட்டும்தான் கையில் என்றால் இன்னொரு வழி. K-இல் 10 சதவீதத்தைத் தொட்ட நேரத்துக்கும் 90 சதவீதத்தைத் தொட்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து, 4.4-ஐ அதனால் வகுங்கள். இங்கே 66.5-ஐத் தொட்டது 3.8 மணியில், 598.5-ஐத் தொட்டது 12.1 மணியில். இடைவெளி 8.3. வகுத்தால் 0.53. (பத்துச் சதவீதத்தில் விகிதம் 1/9, தொண்ணூறில் 9; நடுவே 81 மடங்கு, ln 81 தான் அந்த 4.4.)

இதில் நிலை அச்சின் எண்களே தேவையில்லை என்பதைக் கவனித்தீர்களா? பூஜ்யக் கோடும் சமதளமும் தெரிந்தால் போதும். 10, 90 சதவீதங்களைப் பிக்சலிலேயே அளக்கலாம். ஃபோட்டோ எடுத்தவர் இடது ஓரத்து எண்களைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டிருந்தாலும் r கிடைக்கும். K கிடைக்காது.

சுருக்கமாக: சமதளத்திலிருந்து K. பிறகு N/(K−N) என்ற விகிதம் எந்த வேகத்தில் மடங்காகிறது என்பதிலிருந்து r.

## ஓரத்துப் புள்ளிகளை ஏன் விட்டேன்

0 முதல் 3-ஆம் மணி வரையான புள்ளிகளும் 13-ஆம் மணி முதலானவையும் இருக்க, நடுவில் உள்ளவற்றை மட்டும் எடுத்தது சோம்பலால் அல்ல. படத்தில் ஒரு புள்ளியின் குறுக்களவு 12 பிக்சல். அதன் நடு எது என்று மூன்று பிக்சல் தவறுவது சகஜம். மூன்று பிக்சல் என்றால் 2.5 அலகு. எட்டாம் மணியில் 351 என்பது 353.5 ஆகும், கவலை இல்லை. ஆனால் பூஜ்ய மணியில் 9.6 என்பது 12.1 ஆகிவிடும், அல்லது 7.1. கால் பங்குக்கு மேல் தப்பு. மேல் ஓரத்திலும் இதே ஆபத்து, தலைகீழாக. 662-இல் மீதி இடம் மூன்றே அலகு, 2.5 அலகு மேலே படித்துவிட்டால் மீதி அரை அலகு. விகிதம் 220-இலிருந்து ஆயிரத்துக்கு மேல் தாவிவிடும்.

தொடக்கத்தில்தான் நெருக்கடி இல்லை, அதனால் முதல் இரண்டு புள்ளிகளிலிருந்தே r எடுக்கலாமே என்று புத்திசாலித்தனமாகக் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். 9.6-இலிருந்து 18.3, ln எடுத்தால் 0.645. அச்சில் வந்த எண்களிலேயே இவ்வளவு கூடுதலாக வருகிறது, ஃபோட்டோவின் தப்பு அதற்கு மேல். 10 முதல் 90 சதவீதத்துக்குள் இருக்கும் புள்ளிகளோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

K-ஐத் தப்பாக எடுத்திருந்தால் அதுவும் இங்கே காட்டிக்கொடுத்துவிடும். K 700 என்று வைத்து அதே கணக்கைப் போட்டால், ln மதிப்புகள் இரண்டு மணிக்கு 1.08, 1.10, 1.00, 0.73 என்று கூடுகின்றன; கோடு மேல்முனையில் கீழ்நோக்கி வளைகிறது. K 620 என்று வைத்தால் கடைசி இரண்டு அடிகள் 1.30, 1.60 என்று எகிறுகின்றன. நேராக வர வேண்டிய கோடு கடைசியில் தொங்கினால் K அதிகம். மேலே பாய்ந்தால் K குறைவு. 665-இலும் கடைசி அடி 0.92 என்று கொஞ்சம் தொங்கத்தான் செய்கிறது. ஈஸ்ட் சமன்பாட்டைப் படித்துவிட்டு வளர்வதில்லை.

## எஸ் முடியாத படங்கள்

ஈஸ்ட் வரைபடத்தின் வலது பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு ஆறாம் மணி வரை மட்டும் பாருங்கள். K 500-ஆ, 5000-ஆ? அந்தத் துண்டு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒத்துப்போகும். வளைவு திரும்பத் தொடங்காத படத்தில் K பற்றிய தகவலே கிடையாது. கணினி ஒரு எண்ணைக் கக்கினாலும் அது ஊகம்தான்.

இதில் பேர்லே சறுக்கியிருக்கிறார். அவரும் அவரோடு பணியாற்றிய லோவெல் ரீடும் 1920-இல், அமெரிக்காவின் 1790 முதல் 1910 வரையான மக்கள்தொகைக் கணக்குகளுக்கு இந்த வளைவைப் பொருத்தி, உச்ச வரம்பு சுமார் 19.7 கோடி என்றார்கள். வளைவு புள்ளிகளோடு அழகாகப் பொருந்தியது. ஆனால் 1967-இல் அமெரிக்க மக்கள்தொகை 20 கோடியைத் தாண்டியது. 2020 கணக்கெடுப்பில் 33 கோடிக்கு மேல். அவர்கள் கையில் இருந்த புள்ளிகளில் சமதளமே இல்லை என்பது ஒன்று. மனிதர்களுக்கு K ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பது இன்னொன்று.

உச்சமே K ஆகாத படமும் உண்டு. அலாஸ்காவின் செயின்ட் மேத்யூ தீவில் 1944-இல் 29 பனிமான்களை இறக்கிவிட்டார்கள். 1957-இல் 1,350. 1963-இல் 6,000. 1966-இல் எண்ணியபோது மிஞ்சியவை 42. மான்கள் குளிர்காலத்துக்கான லைக்கன் மேய்ச்சலை அடியோடு தீர்த்துவிட்டிருந்தன. அதற்கு மேல் ஒரு கொடும் குளிர்காலம். இந்தப் படத்தை 1963-இல் வெட்டி ஒருவர் கொடுத்தால், 6,000-ஐ K என்று எழுதக் கை துறுதுறுக்கும். அது தீவு நீடித்துத் தாங்கக்கூடிய அளவைக் கடந்து போன உச்சம். r மட்டும் முதல் இரண்டு கணக்கெடுப்புகளிலிருந்து தோராயமாகக் கிடைக்கும்: ln(1350/29) ஐ 13 ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு 0.30. இங்கே ஓரத்துப் புள்ளிகளை நான் நம்புவதற்குக் காரணம், அவை எண்களாகவே கிடைக்கின்றன. படத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் அண்ணன் மகளுக்கு ஒலிச்செய்தியாக அனுப்பினேன், நாலு துண்டாக. மறுநாள் இன்னொரு ஃபோட்டோ வந்தது. இந்த முறை நேராகப் பிடித்து, நான்கு மூலையும் தெரிய எடுத்திருந்தாள். ஏதோ ஒரு பாக்டீரியா வளர்ப்பு. வளைவு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பக்கம் முடிந்துவிட்டது. கீழே அவள் எழுதியது: "r 0.8 மணிக்கு. K இந்தப் படத்துல இல்ல அத்தை. அப்படியே எழுதிக் குடுத்துடவா?"

எழுதிக் கொடு என்றேன்.